பதில் வராத வணக்கம்

அமெரிக்காவில் ஒரு நகரத்துப் போலீஸ் அலுவலகத்தின் தொலைபேசி அழைப்புகள் சுமார் 500-ஐ எடுத்துவைத்துக்கொண்டு ஆராய்ந்தார் இமானுவேல் ஷெக்லாஃப் என்ற சமூகவியலாளர். அவருக்கு வேண்டியிருந்தது ஒவ்வொரு அழைப்பின் முதல் சில நொடிகள்தான். யார் முதலில் வாய் திறக்கிறார்கள்? போனை எடுத்தவர்தான் என்று எல்லா அழைப்புகளும் சொல்லின, ஒன்றே ஒன்றைத் தவிர.

அந்த ஒன்றில் போலீஸ்காரர் செஞ்சிலுவைச் சங்கத்துக்குப் போன் செய்கிறார். மறுமுனையில் ரிசீவரை எடுத்துவிட்டார்கள், ஆனால் பேச்சில்லை. ஒரு நொடி போகிறது. போன் செய்த போலீஸ்காரரே "ஹலோ" என்கிறார். அதன் பிறகுதான் அந்தப் பக்கம் குரல் வருகிறது.

ஐந்நூறில் ஒன்றுதானே என்று ஷெக்லாஃப் அதைத் தள்ளிவிடவில்லை. மற்ற அழைப்புகளுக்கும் இதற்கும் சேர்த்துப் பொருந்துகிற விளக்கத்தைத் தேடினார். போன் மணி அடிப்பதே ஒரு கூப்பாடு. எடுத்தவர் சொல்லும் முதல் சொல் அதற்குப் பதில். அந்தப் பதில் வராததால் போலீஸ்காரர் இரண்டாம் முறை கூப்பிட்டார், இம்முறை குரலால். இதை அவர் 1968-இல் கட்டுரையாக வெளியிட்டார். இப்படிப் பார்த்தால் விதிவிலக்கே இல்லை.

கூப்பிட்டால் பதில், கேள்வி கேட்டால் விடை, விருந்துக்கு அழைத்தால் ஏற்பு அல்லது மறுப்பு, வணக்கத்துக்கு வணக்கம். நம் பேச்சின் பெரும்பகுதி இப்படி ஜோடி ஜோடியாக ஓடுகிறது என்பதை ஷெக்லாஃபும் அவருடைய சகா ஹார்வி சாக்ஸும் விரிவாக எழுதினார்கள். முதல் பாதியை ஒருவர் சொல்லி முடித்ததும் இரண்டாம் பாதிக்கான இடம் திறந்துவிடுகிறது. அதற்குப் பிறகு அந்த இடத்தில் என்ன நடந்தாலும், எதுவுமே நடக்காவிட்டாலும், அது பதிலாகவே கணக்கில் வரும்.

சாதாரண மௌனத்துக்கும் இந்த மௌனத்துக்கும் உள்ள வேறுபாடு இதுதான். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் ஒரு மணி நேரம் பேசாமல் வந்தாலும் நமக்கு ஒன்றும் தோன்றாது. ஆனால் அவரிடம் "இது தாம்பரம் போகுமாங்க?" என்று கேட்ட பிறகு அவர் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தால் உறுத்துகிறது. பத்து மொழிகளை ஒப்பிட்டு 2009-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், ஆம், இல்லை என்று சொல்லக்கூடிய கேள்விகளுக்குப் பதில் வர ஆன சராசரி இடைவெளி ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்குதான். அவ்வளவு வேகத்துக்குப் பழகிய காதுக்கு ஒரு முழு நொடி நீளமான நேரம்.

கேள்விக்குப் பதில் வராவிட்டால் அவருக்குத் தெரியாது போல என்று விட்டுவிடலாம். "கல்யாணத்துக்கு வந்துடுங்க" என்றதும் ஒருவர் தயங்கினால், வர முடியாததை எப்படிச் சொல்வதென்று யோசிக்கிறார் என்று புரிந்துகொள்ளலாம். வணக்கத்துக்கு அப்படியொரு சமாதானம் கிடையாது. அதற்குப் பதில் சொல்லத் தகவல் தேவையில்லை, செலவில்லை, யோசனையும் வேண்டாம். நம் தெருவில் "என்ன, கடைக்கா?" என்று கேட்பவருக்கு நாம் எங்கே போகிறோம் என்பது முக்கியமில்லை, "ஆமாண்ணே" என்றால் போதும், ஒரு தலையாட்டல்கூடப் போதும். 'உன்னைப் பார்த்தேன்' என்பதுதான் வணக்கத்தின் முழுச் செய்தி. 'நானும் பார்த்தேன்' என்பது மட்டுமே அது கேட்கும் பதில். இவ்வளவு எளிதான ஒன்று வராதபோது, அது வேண்டுமென்றே தரப்படவில்லை என்று மனம் முடிவுகட்டுகிறது. 'என்னை மதிக்கவில்லை' என்ற எண்ணம் அங்கிருந்துதான் பிறக்கிறது.

ஆனால் அந்த முடிவு பல நேரம் அவசர முடிவு. முதல் பாதி மறுபக்கம் போய்ச் சேர்ந்திருந்தால்தான் இரண்டாம் பாதியை எதிர்பார்க்க நமக்கு உரிமை. காதில் இயர்போன், தெருவில் லாரிச் சத்தம், மனத்தில் ஆஸ்பத்திரிக் கவலை என்று அது வழியிலேயே நின்றுபோகக் காரணங்கள் பல உண்டு. எது நடந்தது என்று கண்டுபிடிக்கும் வழி அந்தப் போலீஸ்காரர் செய்ததுதான். அவர் கோபித்துக்கொண்டு போனை வைக்கவில்லை, திரும்பக் கூப்பிட்டார். கேட்காதவர் இரண்டாம் குரலுக்குச் சட்டென்று திரும்பி, "அடடா, கவனிக்கலைங்க" என்பார். தவறவிட்ட பதிலோடு ஒரு காரணத்தையும் சேர்த்தே தருவார். பாக்கி இருந்தது அவருக்கும் தெரியும் என்பதற்கு அதுவே சாட்சி.

ஆகவே, அடுத்த முறை உங்கள் வணக்கத்துக்குப் பதில் வராவிட்டால் இன்னொரு முறை, கொஞ்சம் உரக்க, பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். அப்போதும் அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டால், வருத்தப்பட உங்களுக்கு நியாயம் உண்டு.