பாதி கட்டிய வீட்டில் புயல் புகுந்தால்

2023 டிசம்பர் 4ஆம் தேதி, மிக்ஜாம் புயலின் மழை சென்னையை மூழ்கடித்துக்கொண்டிருந்தபோது, வேளச்சேரியில் கட்டுமானத்துக்காகத் தோண்டியிருந்த ஆழமான பள்ளத்தின் ஓரம் சரிந்தது. இரண்டு தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். அதே நாட்களில் நகரைச் சுற்றி உயிரிழப்பு இல்லாத, செய்தியில் இடம்பெறாத சிறு சேதங்களும் நடந்தன. காம்பவுண்டு சுவர் படுத்துவிட்டது, சிமெண்ட் மூட்டை கல்லாகிவிட்டது, சம்ப் தோண்டிய குழி தூர்ந்துவிட்டது என்று கட்டட வேலையில் இருப்பவர்கள் பலரும் சொல்லக் கேட்கலாம்.

கட்டி முடித்த வீடு ஒரு மழையைத் தாங்கும். பாதி கட்டியது தாங்காது. காங்கிரீட்டுக்கு இன்னும் பலம் வரவில்லை, சுவருக்குப் பிடிமானமான பீம் வரவில்லை, பள்ளத்தை மண் போட்டு மூடவில்லை. இந்த நிலைக்கென்றே ஒரு காப்பீடு உண்டு. ஒப்பந்தக்காரர்களும் பொறியாளர்களும் அதைச் சி.ஏ.ஆர். பாலிசி என்பார்கள். வேலை தொடங்கிய நாள் முதல் ஒப்படைக்கும் நாள் வரை, விலக்கு என்று பட்டியலில் சொன்னவை தவிர, எதிர்பாராமல் வரும் சேதங்களுக்கு இது ஈடு தரும். புயலும் வெள்ளமும் இதில் அடக்கம். ஆனால் இயற்கைச் சீற்றத்துக்கு, காப்பீடு பெற்றவர் தன் கையிலிருந்து ஏற்க வேண்டிய தொகை மற்ற விபத்துகளைவிட அதிகமாக இருக்கும். அதை எக்ஸஸ் என்பார்கள்.

பாலிசி எடுத்தவர்கள் பலர் தடுமாறுவது புயல் ஓய்ந்த பிறகான முதல் இரண்டு நாட்களில்தான். மொத்தச் சேதம் எவ்வளவு என்று கணக்குப் போட்டுவிட்டு எழுதலாம் என்று காத்திருக்கிறார்கள். அது தவறான வரிசை. முதல் கடிதம் பில் அல்ல. என்ன நடந்தது, எப்போது நடந்தது, அப்போது கட்டடம் எந்த நிலையில் இருந்தது, சேதம் பெருகாமல் இருக்க என்ன செய்கிறோம் என்ற நான்கையும் அது பதிவு செய்தால் போதும். தொகை உத்தேசமாக இருக்கலாம்.

வழக்கமான சி.ஏ.ஆர். பாலிசியின் நிபந்தனைகளைப் படித்தால் இது விளங்கும். சேதம் தெரிந்தவுடன் தொலைபேசியிலும் எழுத்திலும் தகவல் சொல்ல வேண்டும். நடந்ததிலிருந்து 14 நாட்களுக்குள் தகவல் வராத இழப்புக்கு நிறுவனம் பொறுப்பாகாது என்ற வரியும் அதில் இருக்கும். தாமதம் என்ற ஒரே காரணத்துக்காக நியாயமான கோரிக்கைகளைத் தள்ளக் கூடாது என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2011 செப்டம்பரில் சுற்றறிக்கை விட்டது உண்மைதான். அதை நம்பித் தாமதிப்பது புத்திசாலித்தனம் அல்ல. சுற்றறிக்கையைக் காட்டி வாதாடும் நிலைக்குப் போனாலே பணம் மாதக்கணக்கில் நின்றுவிடும்.

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். இடமும் ஆட்களும் கற்பனை, நடைமுறை உண்மை. சென்னையின் தெற்குப் புறநகரில் ஒரு சிறு அடுக்குமாடி. கீழே வண்டி நிறுத்தும் இடம், அதற்கு மேல் மூன்று தளம். வண்டி நிறுத்தும் இடத்துக்கு மேலான தளத்துக்கு நவம்பர் 28 அன்று காங்கிரீட் போட்டார்கள். சென்ட்ரிங் பிரிக்கவில்லை. முட்டுகளெல்லாம் புதிதாக நிரப்பிய மண்ணின் மேல், பலகை வைத்து நிறுத்தப்பட்டிருந்தன. டிசம்பர் 4 அன்று தெருவெள்ளம் உள்ளே புகுந்து அந்த மண்ணை அரித்தது. இரண்டு கட்டங்களில் முட்டுகள் கீழே இறங்க, தளம் தொய்ந்து விரிசல் விட்டது. காம்பவுண்டு சுவர் ஒரு பக்கம் விழுந்தது. கொட்டகையில் இருந்த 110 மூட்டை சிமெண்ட் நனைந்தது. செப்டிக் டேங்க் குழி தூர்ந்தது.

ஒப்பந்தக்காரர் அன்று மாலையே ஏஜென்டுக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டார். அதோடு நிற்கவில்லை. மறுநாள் காலை காப்பீட்டு நிறுவனத்தின் கிளைக்கு மின்னஞ்சலில் அனுப்பிய கடிதம் ஏறக்குறைய இப்படி இருந்தது:

"மேற்கண்ட பாலிசியின் கீழ் இழப்பைத் தெரிவிக்கிறோம். 3.12.2023 இரவு தொடங்கி 4.12.2023 இரவு வரை பெய்த புயல் மழையில், 4ஆம் தேதி காலை சுமார் 7 மணிக்கு வெள்ளம் வேலையிடத்துக்குள் புகுந்தது. சேதமானவை: 28.11.2023 அன்று காங்கிரீட் போட்ட முதல் தளத்தில் இரண்டு கட்டங்கள், ஏறக்குறைய 60 சதுர மீட்டர், ட்யூப் லெவலில் அளந்தபோது அதிகபட்சத் தொய்வு 35 மில்லிமீட்டர். மேற்குக் காம்பவுண்டு சுவர். சிமெண்ட் 110 மூட்டை. செப்டிக் டேங்க் குழி. உத்தேச இழப்பு 6 முதல் 7 லட்சம் ரூபாய், மாறக்கூடும். யாருக்கும் காயமில்லை. தொய்ந்த பகுதியின் கீழ் ஆட்கள் போகாமல் தடுப்பு வைத்துள்ளோம். பக்கத்துக் கட்டங்களுக்குக் கூடுதல் முட்டு கொடுத்துள்ளோம். இரண்டு பம்புகள் தண்ணீரை இறைக்கின்றன. கம்பிகளைக் கட்டைமேல் ஏற்றியுள்ளோம். இறங்கிய முட்டுகளையும் அடிப்பலகைகளையும் நகர்த்தவில்லை. நனைந்த மூட்டைகளைத் தனியே வைத்துள்ளோம். சர்வேயரை உடனே அனுப்பக் கோருகிறோம். தொய்ந்த தளத்தை இடிப்பது அவசியம் என்று கட்டமைப்புப் பொறியாளர் கருதினால், அதற்கு முன் தங்கள் ஒப்புதலைக் கேட்போம்."

இந்தக் கடிதத்தில் அலங்காரம் எதுவும் இல்லை. ஆனால் ஒவ்வொரு வரிக்கும் ஒரு வேலை இருக்கிறது.

தொடக்க நேரமும் முடிந்த நேரமும் எதற்கு? பல பாலிசிகளில் 72 மணி நேர விதி உண்டு. ஒரே புயலால் 72 மணி நேரத்துக்குள் ஏற்படும் சேதங்கள் எல்லாம் ஒரே நிகழ்வாகக் கணக்கிடப்படும். எக்ஸஸ் ஒருமுறைதான் கழியும். நேரம் எழுதாமல் விட்டால், சுவர் விழுந்தது ஒரு நிகழ்வு, தளம் இறங்கியது வேறொன்று என்று பிரிக்க இடம் கொடுத்ததாகிவிடும்.

காங்கிரீட் போட்ட தேதியைச் சொன்னதற்கும் காரணம் உண்டு. இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 456 சொல்கிறபடி, 4.5 மீட்டர் வரை அகலமுள்ள தளத்துக்கு முட்டு 7 நாளாவது இருக்க வேண்டும். ஆறாம் நாளில் முட்டு நின்றது முறைப்படிதான் என்று அந்தத் தேதியே சொல்லிவிடுகிறது.

கடிதத்தில் எல்லாவற்றையும்விட முக்கியமான வரி, முட்டுகளையும் அடிப்பலகைகளையும் நகர்த்தவில்லை என்பது. ஏனென்றால் சர்வேயர் வந்து முதலில் கேட்கப்போகும் கேள்வி அதுதான். சர்வேயர் என்றால் நிலம் அளப்பவர் அல்ல. இழப்பை மதிப்பிட உரிமம் பெற்றவர். சிறு தொகைகளைத் தாண்டினால் அவர் மதிப்பீடு இல்லாமல் பணம் வழங்கக் கூடாது என்று காப்பீட்டுச் சட்டத்தின் 64யு.எம். பிரிவு சொல்கிறது. தளம் புயலால் இறங்கியதா, பலகையே வைக்காமல் வெறும் மண்ணில் முட்டு நிறுத்தியதால் இறங்கியதா? இரண்டாவதானால் அது வேலைக் குறை. குறையுள்ள வேலையைச் சரிசெய்யும் செலவைப் பாலிசி தராது. அதனால் வேறெங்காவது ஏற்பட்ட சேதத்துக்குத்தான் ஈடு கிடைக்கும். பலகை இருந்த இடத்திலேயே இருந்தால், அடியில் அரிப்பின் தடமும் தெரிந்தால், வாதம் தேவைப்படாது.

ஒப்பந்தக்காரருக்கு இங்கேதான் இரண்டு பக்கமும் இழுக்கிறது. சேதம் பெருகாமல் தடுப்பது அவர் கடமை. சான்றைக் காப்பதும் அவர் கடமை. தண்ணீரை இறைத்தாக வேண்டும், இறைத்தால் வெள்ளம் நின்ற அளவு மறைந்துபோகும். அதனால் பம்பு போடுமுன் சுவரில் தண்ணீர் நின்ற உயரத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டு, அளவு நாடாவோடு படம் எடுத்துவிட வேண்டும். ஆள் தலைமேல் விழக்கூடிய பகுதியானால் யாருக்கும் காத்திராமல் பாதுகாப்பாக்கலாம், முதலில் படம் எடுத்துக்கொண்டு. சிறு பழுதுகளைத் தகவல் சொன்ன கையோடு சரிசெய்ய வழக்கமான பாலிசி அனுமதிக்கிறது. பெரியவற்றுக்கு சர்வேயர் பார்த்த பிறகுதான். நியாயமான காலத்துக்குள் அவர் வரவில்லையென்றால் வேலையைத் தொடரலாம் என்றும் அதே நிபந்தனை சொல்கிறது. சர்வேயரை அனுப்பச் சொல்லித் தேதியோடு கேட்ட கடிதம் அப்போது கைகொடுக்கும்.

நனைந்த கம்பி பற்றியும் ஒரு வார்த்தை. மேலாகப் பிடித்த துருவைக் கம்பி பிரஷால் தேய்த்துவிட்டுப் பயன்படுத்தலாம் என்பதால், அது இழப்புப் பட்டியலில் சேராது. சேர்த்தால் மீதிப் பட்டியலின் மேலும் சந்தேகம் விழும்.

சர்வேயர் கேட்கும் காகிதங்கள் புயலுக்கு முன்பே தயாராக இருந்திருக்க வேண்டியவை: அளவுப் புத்தகம், ஓடும் பில்கள், காங்கிரீட் போட்ட நாளின் பதிவு, சிமெண்ட் வரவு செலவு. 110 மூட்டை இருந்தது என்று சொன்னால் போதாது, ஸ்டாக் புத்தகம் அதைச் சொல்ல வேண்டும். மழை அளவுக்கு வானிலை ஆய்வு மையத்தின் பதிவைக் கேட்டு வாங்கலாம்.

உதாரணத்தில் கணக்கு எப்படி முடிந்தது? தளத்தை இடித்து மறுபடி போட 4,30,000, சுவருக்கு 1,20,000, சிமெண்டுக்கு 44,000, குழிக்கு 86,000. மொத்தம் 6,80,000 ரூபாய். விழுந்த சுவருக்குப் பதில் தூண் வைத்துத் தடித்த சுவர் கட்ட ஒப்பந்தக்காரர் எழுதியிருந்தார். மேம்பாட்டுக்கான 40,000 ரூபாயைச் சர்வேயர் கழித்தார், அது சரியே. அடுத்த வெட்டுதான் வலித்தது. வேலை முடியும்போதான மொத்த மதிப்பு 3 கோடியே 20 லட்சம். பாலிசி எடுத்தது 2 கோடியே 40 லட்சத்துக்கு. கம்பியும் சிமெண்டும் வீட்டுக்காரர் வாங்கித் தருகிறார் என்பதால் அவற்றின் மதிப்பைச் சேர்க்காமல் விட்டிருந்தார்கள். முக்கால் பங்குக்குத்தான் காப்பீடு, ஆகவே இழப்பிலும் முக்கால் பங்குதான். 6,40,000 என்பது 4,80,000 ஆனது. இயற்கைச் சீற்றத்துக்கான எக்ஸஸ் ஒரு லட்சம். கைக்கு வந்தது 3,80,000.

கடிதம் குறையில்லாமல் இருந்தும் இழந்த தொகை இது. பாலிசி எடுத்த அன்றே நேர்ந்த பிழையைப் புயலுக்குப் பிறகு எழுதும் எந்தக் கடிதமும் திருத்தாது. கலவை இயந்திரம், ஹாய்ஸ்ட் போன்றவற்றையும் தனியே பட்டியலிட்டிருந்தால்தான் அவற்றுக்கு ஈடு உண்டு. வேலை தள்ளிப்போனதற்கான அபராதமும் வாடகை இழப்பும் இந்தப் பாலிசிக்குள் வராது.

வீடு கட்ட ஒப்பந்தம் கொடுத்திருப்பவர்கள் வடகிழக்குப் பருவமழைக்கு முன், செப்டம்பரிலேயே ஒப்பந்தக்காரரிடம் பாலிசி நகலை வாங்கிப் பாருங்கள். உங்கள் பெயரும் அதில் இருக்கிறதா, நீங்கள் வாங்கித் தரும் பொருளின் மதிப்பும் தொகையில் சேர்ந்திருக்கிறதா, வேலை இழுத்துக்கொண்டே போனதில் பாலிசியின் கடைசித் தேதி கடந்துவிட்டதா என்று பாருங்கள். தேதி முடிவதற்குள் கேட்டால் நிறுவனங்கள் கூடுதல் பிரீமியத்துக்கு நீட்டித்துக் கொடுப்பது வழக்கம்.