நிதி திரட்டும் மேடைக்கு எந்தப் பாட்டு?

சென்னையில் வாய்ப்புத் தேடி அலுத்துப்போய், ஊருக்கே திரும்பிவிடலாம் என்று முடிவெடுத்திருந்த வாலியிடம், தான் புதிதாகப் பாடியிருந்த ஒரு பாட்டைப் பாடிக் காட்டினார் பி.பி. ஸ்ரீநிவாஸ். 'சுமைதாங்கி' (1962) படத்துக்காகக் கண்ணதாசன் எழுதிய 'மயக்கமா கலக்கமா'. அந்தப் பாட்டுதான் தன்னைச் சென்னையில் தங்க வைத்தது என்று வாலி பல இடங்களில் சொல்லியிருக்கிறார்.

மருத்துவச் செலவுக்கோ வெள்ள நிவாரணத்துக்கோ இன்னிசைக் கச்சேரி நடத்துகிறவர்கள் இதில் கவனிக்க ஒன்று உண்டு. அந்தப் பாட்டு எடுத்த எடுப்பிலேயே தெம்பூட்டுவதில்லை. மனம் சோர்ந்திருப்பதை முதலில் ஒப்புக்கொண்டு, பிறகுதான் ஆறுதலுக்கு வருகிறது. 'நான் ஜெயிப்பேன்' என்று நாயகன் மார்தட்டும் பாட்டுக்கு விசில் பறக்கும். ஆனால் நோயாளியின் குடும்பம் முன்வரிசையில் இருக்கும்போது அது ஒட்டாது.

ஆனால் அது ஒற்றைக் குரலுக்கான பாட்டு. கூட்டமும் சேர்ந்து பாட வேண்டுமென்றால் 'ஆட்டோகிராப்' (2004) படத்தின் 'ஒவ்வொரு பூக்களுமே' பொருந்தும். பரத்வாஜ் இசையில், எழுதிய பா. விஜய்க்கும் பாடிய சித்ராவுக்கும் தேசிய விருது வாங்கித் தந்த பாட்டு. படத்திலும் அது மேடைப் பாட்டுதான். பார்வையற்ற கலைஞர்களோடு சினேகா பாடுவதாக வரும்.

இங்கே சறுக்குவது சுருதியில். பாடகியின் குரலுக்கு வைத்த சுருதி, ஆண்களும் முதியவர்களும் கலந்த கூட்டத்துக்கு எட்டாது. பல்லவியில் சேர்ந்து பாடுகிறவர்கள் மேல்ஸ்தாயி வந்ததும் மௌனமாகிவிட்டால், சுருதி உயரம் என்று அர்த்தம். ஒத்திகையிலேயே குழுவில் பாடகர் அல்லாத நாலு பேரைப் பாட வைத்துப் பார்க்கலாம். அவர்கள் திணறினால், கீபோர்டில் ஓரிரு கட்டை இறக்கிக்கொள்ளலாம். அதனால் பாடகிக்குக் கீழ்ஸ்தாயி எட்டாமல் போனால், சரணங்களை அவருடைய சுருதியில் பாடவிட்டு, கடைசிப் பல்லவியை மட்டும் கூட்டத்துக்காக இறக்கலாம்.

அடுத்தது, உண்டியல் எப்போது வருவது? பாட்டு முடிந்து, கைதட்டலும் அடங்கிய பிறகு வந்தால், பாதிப் பேர் டீ குடிக்க எழுந்திருப்பார்கள். அதனால் உதவி கேட்கும் பேச்சு பாட்டுக்கு முன்பே, நாலைந்து நிமிடத்தில் முடிந்துவிட வேண்டும். கடைசிச் சரணத்தில் தொண்டர்கள் உண்டியலோடு இறங்க வேண்டும். பாட்டு முடிந்ததும் நிறுத்தாமல், பல்லவி மெட்டைப் புல்லாங்குழலும் கீபோர்டும் திரும்பத் திரும்ப வாசிக்கட்டும். உண்டியல் பின்வரிசையைத் தாண்டியதும் மேடைக்குக் கையசைக்க ஓர் ஆள் போதும்.

இந்த வகைப் பாட்டு ஒரு மாலைக்கு இரண்டே போதும். அடுக்கடுக்காக ஐந்து வைத்தால் கச்சேரி உபதேசமாகிவிடும். உண்டியல் போய் வந்ததும் ஒரு குத்துப்பாட்டு வைப்பதில் தப்பே இல்லை. கொடுத்தவர்கள் கச்சேரி கேட்கவும்தானே வந்திருக்கிறார்கள்!