கட்டமா, கேள்விக்குறியா?

வெளியூர்க் கருத்தரங்கில் கலந்துகொண்டவர்களுக்கு வாட்ஸ்அப்பில் சான்றிதழ் வருகிறது. ஆங்கிலத்தில் உள்ள தேதியும் தலைப்பும் தெளிவாக இருக்கின்றன. தமிழில் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் மட்டும் வரிசையாகக் காலிக் கட்டங்கள். உடனே பலரும் தங்கள் போனைச் சந்தேகிக்கிறார்கள். போனுக்கும் இதற்கும் தொடர்பே இல்லை. ஸ்கிரீன்ஷாட் என்பது படம். அதை எடுத்த கணினி எழுத்துகளை எப்படி வரைந்ததோ, அப்படியேதான் எல்லாருடைய போனிலும் தெரியும். ஆகவே கோளாறைத் தேட வேண்டிய இடம் அந்தக் கணினிதான்.

இதுபோன்ற சான்றிதழ்களை இப்போது பெரும்பாலும் சர்வரில் ஓடும் நிரல்தான் தயாரிக்கிறது. திரையே இல்லாத லினக்ஸ் கணினியில் குரோம் உலாவி ஒரு பக்கத்தைத் திறந்து, அதைப் படம் பிடித்து அனுப்புகிறது. நிரல் எழுதியவரின் மடிக்கணினியில் தமிழ் எழுத்துரு விண்டோஸோடு சேர்ந்தே வந்திருக்கும். அதனால் அங்கே எல்லாம் சரியாகத் தெரியும். சர்வரிலோ இடத்தை மிச்சப்படுத்தத் தேவையானதை மட்டும் நிறுவியிருப்பார்கள். தமிழ் எழுத்துரு அதில் இருக்காது.

கணினிக்குள் ‘தமிழ்’ என்ற சொல் ஐந்து எண்களாக இருக்கிறது: த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. யூனிகோட் இவை ஒவ்வொன்றுக்கும் தனி எண் கொடுத்திருக்கிறது; ‘த’வுக்கு U+0BA4. எண் எந்த எழுத்து என்பதைத்தான் சொல்கிறது. அதன் உருவம் எழுத்துருவில் இருக்கிறது. எந்த எழுத்துருவிலும் உருவம் கிடைக்காவிட்டால் அந்த இடத்தில் ஒரு கட்டம் வந்து நிற்கும். தொழில்நுட்பக்காரர்கள் இதை ‘டோஃபு’ என்பார்கள். கூகுளின் நோட்டோ எழுத்துருக்களுக்கு அந்தப் பெயர் வந்ததே ‘இனி டோஃபு இல்லை’ என்ற பொருளில்தான்.

சர்வரில் தமிழ் எழுத்துரு இருக்கிறதா என்று முதல் கட்டளை சொல்லும். பதிலாக ஒன்றும் வராவிட்டால், டெபியன் அல்லது உபுண்டுவில் இரண்டாவது கட்டளையைக் கொடுத்துவிட்டுக் குரோமை மறுபடி இயக்க வேண்டும்:

```
fc-list :lang=ta
sudo apt install fonts-noto-core
```

பழைய படம் திருந்தாது. சான்றிதழைப் புதிதாகத்தான் எடுக்க வேண்டும். ஆனால் பெயர் பத்திரமாக இருக்கிறது.

எழுத்துரு இருந்தும் எழுத்து உடைவதுண்டு. ‘பெண்’ என்பதில் கொம்பு முன்னால் தெரிந்தாலும், கணினி முதலில் ‘ப’வையும் பிறகுதான் கொம்பையும் சேமிக்கிறது. வரையும்போது கொம்பை முன்னால் கொண்டுவருவது எழுத்துகளைக் கோக்கும் மென்பொருளின் வேலை. பைத்தானில் பில்லோ என்ற நூலகத்தைக் கொண்டு படத்தில் பெயர் எழுதுபவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். ராக்ம் என்ற துணை நூலகம் இல்லாவிட்டால் பில்லோ சேமித்த வரிசையிலேயே வரைந்துவிடும். கொம்பு ‘ப’வுக்குப் பின்னால் போய் நிற்கும். `features.check("raqm")` என்று கேட்டு `False` வந்தால் காரணம் அதுதான்.

படத்தில் `à®¤à®®à®¿` என்பதுபோல் வந்தால் எழுத்துருவைத் தேடிப் பயனில்லை. இது குறியாக்கக் குழப்பம். யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட்டுகளாகச் சேமிக்கப்படுகிறது. ‘த’வுக்கு E0, AE, A4. விண்டோஸின் பழைய மேற்கு ஐரோப்பியக் குறியாக்கத்தில் ஒரு பைட் என்றால் ஓர் எழுத்து. அந்தக் கணக்கில் படித்தால் ‘த’ ஒன்றே à, ®, ¤ என மூன்றாகத் தெரியும். பெயர்ப்பட்டியல் சிஎஸ்வி கோப்பை எக்செல்லில் நேரடியாகத் திறப்பவர்கள் இதை அடிக்கடி பார்க்கிறார்கள். கோப்பை மூடிவிட்டு, Data பகுதியில் From Text/CSV வழியாக எடுத்து, 65001 யூனிகோட் என்பதைத் தேர்ந்தெடுத்தால் தமிழ் திரும்பும். இடையில் அப்படியே சேமித்துவிடக் கூடாது. புள்ளியிலும் உகரக் குறியிலும் உள்ள கடைசி பைட்டுக்கு அந்தப் பழைய அட்டவணையில் எழுத்தே இல்லை. அதனால் சேமிக்கும்போது அவை தொலைந்துபோக வாய்ப்பு அதிகம்.

எனக்கு மிகவும் கவலை தருவது `?????` என்று வருவதுதான். தமிழுக்கு இடமில்லாத குறியாக்கத்துக்கு மாற்றும்போது மென்பொருள் ஒவ்வொரு குறிக்கும் பதிலாக ஒரு கேள்விக்குறியைப் போட்டுவிடுகிறது. கேள்விக்குறி படத்தில் மட்டும்தானா, சேமித்த இடத்திலேயே அப்படித்தானா என்பதை முதலில் பார்க்க வேண்டும். மைஎஸ்கியூஎல் தரவுத்தளம் என்றால் இப்படிக் கேட்கலாம்:

```
SELECT HEX(name) FROM students;
```

E0AEA4 என்று தொடங்கினால் ‘த’ உயிரோடு இருக்கிறது. கோளாறு வெளியே எடுக்கும் இணைப்பில். 3F3F3F என்று வந்தால் உள்ளே இருப்பது வெறும் கேள்விக்குறிகள். அந்தப் பத்தியை `utf8mb4`க்கு மாற்றிவிட்டு, விண்ணப்பத் தாளைப் பார்த்துப் பெயர்களை மறுபடி தட்டச்சு செய்வதைத் தவிர வேறு வழியில்லை.