ஸ்பீக்கரும் நல்லது, சார்ஜரும் நல்லது... சார்ஜ் மட்டும் ஏறாது!

ஆருத்ரா தரிசனக் கூட்டம் கலைந்ததுமே சிதம்பரத்தில் நாட்டியாஞ்சலி ஒத்திகை தொடங்கிவிடும். மகா சிவராத்திரி வரைக்கும் மொட்டை மாடி, பள்ளிக்கூட ஹால், சிறிய மண்டபம் என்று இடம் கிடைத்த பக்கமெல்லாம் சலங்கைச் சத்தம்தான். பாடுகிறவரையும் மிருதங்கக்காரரையும் தினமும் வரவழைக்க எத்தனை பேரால் முடியும்? செல்போனில் பாட்டு, தரையில் ஒரு புளூடூத் ஸ்பீக்கர். அது பாதி வர்ணத்தில் நின்றுபோனால் அன்றைய வகுப்பு அவ்வளவுதான். அதனால் தேர் வீதிகளை ஒட்டிய செல்போன் சர்வீஸ் கடைகளுக்கு இந்த சீசனில் போனைவிட ஸ்பீக்கர் அதிகம் வருகிறது. "சார்ஜ் ஏறலை", "தானா ஆஃப் ஆயிடுது" என்ற இரண்டு புகார்கள்தான் திரும்பத் திரும்ப.

அப்படி ஒரு கடையில் நாம் உட்கார்ந்திருந்தபோது ஒரு நடன ஆசிரியை ஸ்பீக்கரை மேஜை மேல் வைத்தார். "செத்துப்போச்சு தம்பி. ராத்திரி பூரா போட்டு வெச்சேன். லைட்டே எரியலை. அதே ஒயரு, அதே சார்ஜர், என் போனுக்கு மட்டும் அரை மணியில ஏறிடுது!"

கடைக்காரர் ஸ்பீக்கரைத் திறக்கவில்லை. டீச்சர் கொண்டுவந்த ஒயரைத்தான் பார்த்தார். இரண்டு முனையும் சி டைப். இழுப்பறையிலிருந்து ஒரு பழைய சார்ஜரையும், ஒரு முனை தட்டையான பழைய யூஎஸ்பி, மறுமுனை சி டைப் என்றிருந்த ஒயரையும் எடுத்துச் செருகினார். சிவப்பு விளக்கு உடனே எரிந்தது. "ஸ்பீக்கர் நல்லாத்தான் இருக்கு டீச்சர். உங்க சார்ஜரும் நல்லா இருக்கு. ரெண்டுக்கும் பேச்சுவார்த்தை இல்ல, அவ்வளவுதான்" என்றார்.

அவர் வேடிக்கையாகச் சொன்னாலும் நடப்பது அதுதான். பழைய தட்டைப் பின் சார்ஜரின் துளையில் எப்போதும் 5 வோல்ட் மின்சாரம் தயாராக நிற்கும். எதைச் செருகினாலும், செருகியது யார் என்று கேட்காமல் கொடுத்துவிடும். சி டைப் துளை உள்ள சார்ஜரும் பவர் பேங்கும் அப்படியல்ல. அந்தத் துளையில் முதலில் மின்சாரமே இருக்காது. மறுமுனையில் மின்சாரம் வாங்கக்கூடிய ஒரு கருவி இருக்கிறதா என்று சிசி எனப்படும் இரண்டு சிறிய கம்பிகள் வழியே சோதித்துப் பார்த்த பிறகுதான் 5 வோல்ட்டைத் திறந்துவிடும். எதிர்முனையில் 5,100 ஓம் அளவுள்ள ரெசிஸ்டர் தெரிந்தால் ஆள் இருக்கிறார் என்று பொருள். அது தெரியாவிட்டால் விடிய விடியப் போட்டு வைத்தாலும் ஒரு துளி வராது.

சி டைப் பின் வைத்த கருவியில் இந்த 5,100 ஓம் ரெசிஸ்டர் இரண்டு இருக்க வேண்டும், சிசி கம்பிக்கு ஒன்றாக. கடுகளவுகூட இல்லாத, சில காசு பெறும் சரக்கு. விலை மலிவான ஸ்பீக்கர்களில் பலவற்றில் இந்த இரண்டும் இருப்பதில்லை. முன்பு மைக்ரோ யூஎஸ்பிக்குப் போட்ட அதே போர்டில் துளையை மட்டும் சி டைப்பாக மாற்றிவிடுகிறார்கள். பெட்டியோடு வரும் சாண் நீள ஒயரின் ஒரு முனை தட்டைப் பின்னாக இருப்பதால் தொழிற்சாலைச் சோதனையில் எல்லாம் சரியாகவே தெரியும். அந்த ஒயர் தொலைந்து, வீட்டுப் போனின் புது சார்ஜரில் மாட்டும் நாளில்தான் குட்டு வெளிப்படும். சிலவற்றில் இரண்டுக்குப் பதில் ஒரு ரெசிஸ்டர் மட்டும் வைத்திருப்பார்கள். அப்போது பின்னை ஒரு பக்கமாகச் செருகினால் ஏறும், திருப்பிச் செருகினால் ஏறாது. உங்கள் ஸ்பீக்கர் இந்தக் குணம் காட்டினால் துளை லூஸ் என்று முடிவுகட்ட வேண்டாம்.

மலிவுச் சரக்குக்கு மட்டும்தான் இந்த வியாதி என்றும் சொல்ல முடியாது. 2019-இல் உலகம் முழுக்க மாணவர்கள் வரிசைகட்டி வாங்கிய ஒரு சின்னக் கணினிப் பலகையில், இரண்டு சிசி கம்பிக்கும் சேர்த்து ஒரே ரெசிஸ்டரை வைத்துவிட்டார்கள். உள்ளே அடையாளச் சில்லு பதித்த உயர்ரக ஒயரைப் போட்டால், சார்ஜர் அந்தக் கணினியை ஏதோ ஹெட்போன் இணைப்பு என்று நினைத்து மின்சாரம் தர மறுத்தது. சாதாரண ஒயரில் வேலை செய்தது. பிறகு வந்த பலகைகளில் திருத்திக்கொண்டார்கள்.

டீச்சருக்குத் தீர்வு சுலபம். ஒரு முனை தட்டை, மறுமுனை சி டைப் ஒயர் ஒன்று வாங்கி, பழைய சார்ஜரிலோ பவர் பேங்கின் தட்டைத் துளையிலோ செருகினால் போதும். வீட்டில் சி டைப் துளை சார்ஜர் மட்டும்தான் இருக்கிறது என்றால், போனில் பென் டிரைவ் மாட்டப் பயன்படும் ஓடிஜி பின் இருக்கிறதே, அதைச் சார்ஜரில் செருகி அதன் பின்னால் இந்த ஒயரை மாட்டலாம். முறையாகச் செய்த ஓடிஜி பின்னுக்குள் அந்த 5,100 ஓம் ரெசிஸ்டர் இருக்கும் என்பதால், ஸ்பீக்கர் சொல்ல வேண்டிய பதிலை அதுவே சொல்லிவிடும்.

"65 வாட் சார்ஜர்ல போட்டா ஸ்பீக்கர் வெடிச்சிடாதா?" என்று டீச்சர் கேட்டார். எல்லோருக்கும் இந்தப் பயம் உண்டு. சார்ஜரின் முதுகில் 5 வோல்ட் 3 ஆம்பியர் என்று அச்சிட்டிருப்பது அது தரக்கூடிய உச்சம். பிடித்துத் திணிக்கும் அளவு அல்ல. ஸ்பீக்கர் தனக்கு வேண்டிய ஒரு ஆம்பியரையோ அரை ஆம்பியரையோதான் இழுக்கும். 9 வோல்ட், 20 வோல்ட் எல்லாம் கருவி வாய்விட்டுக் கேட்டால்தான் வரும். நம் ஸ்பீக்கருக்குத்தான் அந்தப் பேச்சே தெரியாதே! உண்மையில் தொல்லை தருவது மெல்லிய, நீள ஒயர்தான். இரண்டு மீட்டர் மலிவு ஒயரில் ஒரு ஆம்பியர் ஓடினால் வழியிலேயே முக்கால் வோல்ட்டுக்கு மேல் தொலைந்துபோகலாம். 5 வோல்ட் கிளம்பி 4.2 வோல்ட் வந்து சேர்ந்தால், 4.2 வோல்ட் வரை நிரம்ப வேண்டிய லித்தியம் செல் எப்படி நிரம்பும்? விளக்கு எரியும், சார்ஜ் ஏறாது.

கடலூர்க் கதை வேறு. தேவனாம்பட்டினம் கடற்கரையில் மாலை நேரத்தில் தள்ளுவண்டி போடும் ஒருவர் வண்டியின் கம்பியில் ஸ்பீக்கரைத் தொங்கவிட்டு, கீழ்த்தட்டில் பவர் பேங்கை வைத்திருக்கிறார். 'தானே', 'ஃபெஞ்சல்' என்று பெயர் வைத்துப் புயல் வரும் ஊரில் பவர் பேங்க் இல்லாத வீடு அபூர்வம். இவருடைய குறை: "ஆறு மணிக்கு மாட்டுறேன் சார். எட்டு மணிக்கெல்லாம் ஸ்பீக்கர் ஆஃப். பவர் பேங்குல பார்த்தா மூணு புள்ளி அப்படியே நிக்குது. பேங்கு ஏமாத்துது!"

ஏமாற்றவில்லை, தூங்கிவிடுகிறது. பவர் பேங்குக்குள் இருப்பது 3.7 வோல்ட் செல். அதை 5 வோல்ட்டாக ஏற்றித் தரும் சுற்று வேலை செய்வதற்கே கொஞ்சம் மின்சாரம் செலவாகும். யாரும் வாங்காதபோதும் அது ஓடிக்கொண்டிருந்தால் பேங்க் சும்மாவே காலியாகிவிடும். அதனால் எதிர்ப்பக்கம் இழுக்கும் மின்சாரம் ஒரு அளவுக்குக் கீழே, பெரும்பாலும் 50 முதல் 100 மில்லி ஆம்பியருக்குக் கீழே, சற்று நேரம் இருந்தால் போன் நிரம்பிவிட்டது என்று எண்ணிப் பேங்க் தன்னை அணைத்துக்கொள்ளும். நம்மவர் வீட்டிலேயே முழுக்க சார்ஜ் ஏற்றிய ஸ்பீக்கரைக் கொண்டுவந்து மாட்டுகிறார். நிரம்பிய செல் எதையும் இழுக்காது; அரை நிமிடத்தில் பேங்க் படுத்துவிடும். அதன்பின் ஸ்பீக்கர் தன் சொந்த செல்லில் பாடுகிறது. அது தீர்ந்ததும் அணைகிறது. ஒருமுறை படுத்த பேங்க், பட்டனை அமுக்கும்வரையோ ஒயரைப் பிடுங்கிச் செருகும்வரையோ எழுவதில்லை.

அவருக்குச் சொன்ன யோசனை, தொடக்கத்தில் ஒயரை மாட்டவே வேண்டாம் என்பதுதான். ஸ்பீக்கர் பாதி தீர்ந்தபிறகு, அதாவது ஏழு மணிக்கு மேல் மாட்டினால் அது நன்றாக இழுக்கும், பேங்கும் விழித்திருக்கும். சில பவர் பேங்குகளில் பட்டனை இரண்டு முறை அமுக்கினாலோ, இரண்டு மூன்று விநாடி அமுக்கிப் பிடித்தாலோ, இயர்போன் போன்ற சிறு கருவிகளுக்கான முறைக்கு மாறும். அதில் சிறிது நேரத்துக்கு இந்தத் தூக்கம் வராது. எந்தப் பேங்கில் எப்படி என்பது அதன் குறிப்புத் தாளில் இருக்கும். தாளை யார் வைத்திருக்கிறோம் என்பது தனிக்கதை.

சத்தத்தைக் கூட்டினால் மட்டும் அணைகிறதா? அது செல்லுக்கு வயதானதன் அறிகுறி. மேளம் பலமாக விழும் ஒவ்வொரு தடவையும் ஆம்ப்ளிபையர் சட்டென்று நிறைய மின்சாரம் கேட்கும். களைத்த செல்லின் வோல்ட் அந்த நொடியில் சரிந்து, பாதுகாப்புச் சுற்று இணைப்பைத் துண்டித்துவிடும். மறுபடி போட்டால் பாதி சார்ஜ் இருப்பதாகக் காட்டும். ஒலியைப் பாதியாக வைத்தால் முழுப் பாட்டும் ஓடும். இதற்கு எந்தச் சார்ஜரும் மருந்தல்ல, செல்லை மாற்ற வேண்டியதுதான்.

நம் கவலை செல் கெட்டதைப் பற்றியதல்ல. கெடாத ஸ்பீக்கர்கள் காயலான் கடைக்குப் போவதைப் பற்றியது. சிதம்பரம் கடைக்காரரின் மேஜைக்குக் கீழே ஒரு அட்டைப்பெட்டி நிறைய ஸ்பீக்கர்கள். "இதுல பாதி சும்மா ஒயர் பிரச்சினைதான் சார். புதுசு வாங்கிட்டோம், நீயே வெச்சுக்கோன்னு சொல்லிட்டுப் போயிடுறாங்க" என்கிறார். அவராவது வைத்திருக்கிறார். தெருவில் பழைய இரும்போடு எடைக்குப் போட்டால் உள்ளே உயிருள்ள லித்தியம் செல்லும் சேர்ந்து போகும். உடைக்கிறவர் சுத்தியலைத்தான் எடுப்பார். நசுங்கிய லித்தியம் செல் என்ன செய்யும் என்று அவரிடம் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

ஐரோப்பிய ஒன்றியம் 2024 டிசம்பர் 28 முதல் கையடக்க ஸ்பீக்கர்களுக்கும் சி டைப் துளையைக் கட்டாயமாக்கியது. துளையோடு நிற்கவில்லை. பெட்டிக்குள் சார்ஜர் இருக்கிறதா இல்லையா என்பதைப் படமாகவும், சார்ஜருக்குக் குறைந்தது எத்தனை வாட் வேண்டும், அதிகபட்சம் எத்தனை வாட் எடுக்கும் என்பதை எண்ணாகவும் வாங்குகிறவர் கண்ணில் படும்படி போடச் சொன்னது. கடலூர் லாரன்ஸ் சாலையிலோ சிதம்பரத்திலோ நீங்கள் வாங்கும் பெட்டியில் ஒளிரும் விளக்கின் படமும் 'எக்ஸ்ட்ரா பேஸ்' என்ற எழுத்தும் இருக்கும். சி டைப் சார்ஜரில் ஏறுமா என்ற ஒரு வரியைத் தேடினாலும் கிடைக்காது. "கூட வர்ற ஒயரையே போடுங்கன்னுதான் உள்ள எழுதியிருக்கே, இந்த விலைக்கு வேற என்ன எதிர்பார்க்கிறீங்க?" என்பது விற்பனையாளர்களின் வாதம். அந்த எழுத்தைப் படிக்க லென்ஸ் வேண்டும் என்பதை அவர்களும் மறுக்கவில்லை.

இல்லாத ரெசிஸ்டரைப் பற்றவைக்க முடியாதா? சில ஸ்பீக்கர்களில் முடியும். ஆறு கால் உள்ள சி டைப் துளை என்றால் அதில் இரண்டு கால் சிசிக்கானவை. ஒவ்வொன்றிலிருந்தும் எர்த்துக்கு ஒரு 5,100 ஓம் ரெசிஸ்டர் வைத்தால் வேலை முடிந்தது. இரண்டே கால் உள்ள மலிவுத் துளையில் சிசிக்கான காலே கிடையாது, பற்றவைக்க இடமில்லை. டீச்சருடைய ஸ்பீக்கரைக் கழற்றிப் பார்த்ததில் அது இரண்டு கால் ரகம். ஒயரையே வாங்கிக்கொண்டார். கூடவே இன்னொரு ஸ்பீக்கர் வாங்க நினைத்திருப்பதாகவும் எதைப் பார்த்து வாங்குவதென்றும் கேட்டார். "போன் சார்ஜரையும் அந்த ரெண்டு பக்க சி ஒயரையும் பையில எடுத்துட்டுப் போங்க. கடையிலயே செருகிப் பாருங்க, திருப்பியும் ஒரு தடவை செருகுங்க. ரெண்டு தடவையும் லைட் எரிஞ்சா வாங்குங்க" என்றார் கடைக்காரர்.