விளம்பரத்தைக் கொஞ்சம் சும்மா விடுங்கள்

ஃபேஸ்புக்கில் புது விளம்பரம் ஓடத் தொடங்கியதும் Delivery என்ற இடத்தில் Learning என்று காட்டும். யாரிடம், எந்த நேரத்தில் காட்டினால் ஆர்டர் வரும் என்று மெட்டாவின் கணினி அப்போது பலரிடம் காட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறது. அதனால் ஒரு நாள் ஆர்டர் மலிவாக விழும், மறுநாள் விலை எகிறும். கடைசியாகப் பெரிய மாற்றம் செய்ததிலிருந்து 7 நாளுக்குள் ஒவ்வொரு விளம்பரத் தொகுப்புக்கும் ஏறத்தாழ 50 ஆர்டராவது கிடைத்தால்தான் அது நிதானத்துக்கு வரும்.

சேலை விற்கும் ஒருவர் நாளுக்கு 500 ரூபாய் போடுகிறார், ஓர் ஆர்டருக்கு 200 ரூபாய் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். வாரத்துக்குப் பதினேழு, பதினெட்டு ஆர்டர்தான் தேறும். அதற்குள் செவ்வாயன்று படத்தை மாற்றி, வியாழனன்று வயது வரம்பைக் குறைத்தால் இரண்டு முறையும் கணக்கு முதலிலிருந்து தொடங்கும். புது விளம்பரம் சேர்த்தாலும், பட்ஜெட்டை ஒரேயடியாக ஏற்றினாலும் இதே கதைதான். பெயரை மாற்றினால் ஒன்றும் ஆகாது.

இவர் கை வைக்காமல் இருந்தாலும் 50-ஐ எட்ட மாட்டார். Learning limited என்றுதான் வரும். எட்ட வேண்டுமானால் வாரத்துக்கு 10,000 ரூபாய் வேண்டும். அதைவிட, மூன்று தொகுப்பாகப் பிரித்திருந்தால் ஒன்றாக்கலாம். அல்லது ஆர்டருக்குப் பதில் கூடையில் போடுவதை இலக்காக வைக்கலாம். ஆனால் கூடையில் போடுகிறவர்கள் எல்லாரும் வாங்குவதில்லை. இணைப்பு உடைந்திருந்தாலோ விலை தப்பாக அச்சாகியிருந்தாலோ மட்டும் உடனே திருத்துங்கள்.