குமிழுக்குத் தெரிவது ஒரு எண் மட்டுமே

வீட்டிலேயே பாட்டுப் பதிவு செய்பவர்களின் மேசையில் இப்போது சிறிய கன்ட்ரோலர் ஒன்று கட்டாயம் இருக்கிறது. அகாய் நிறுவனத்தின் எம்பிகே மினியையே எடுத்துக்கொள்வோம். 25 கட்டைகள், தட்டுவதற்கு 8 பேட்கள், திருப்புவதற்கு 8 குமிழ்கள். இதற்குள்ளிருந்து ஒலி கணினிக்குப் போவதாகப் பலர் நினைக்கிறார்கள். போவது வெறும் எண்கள்தான். ஒரு குமிழைத் திருப்பினால் 176, 21, 64 என்பது போல மூன்று எண்கள் கிளம்புகின்றன. முதல் எண் ‘முதலாவது சேனலில் ஒரு குமிழ் நகர்ந்தது’ என்கிறது. இரண்டாவது, அது எந்தக் குமிழ் என்கிறது. மூன்றாவது, அது எங்கே நிற்கிறது என்கிறது. அந்த எண்ணால் பாட்டின் ஒலியளவு மாற வேண்டுமா, எதிரொலி கூட வேண்டுமா என்பதை மென்பொருளில் நாம்தான் தீர்மானிக்கிறோம். அப்படி இணைப்பதற்குப் பெயர் மேப்பிங்.

ஏபிள்டன் லைவில் இணைப்பு ஒரு நிமிட வேலை. விண்டோஸில் Ctrl+M அழுத்தினால் இணைக்கக்கூடிய இடங்களெல்லாம் நீல நிறமாகும். பாடகர் டிராக்கின் ஒலியளவைச் சொடுக்கிவிட்டுக் குமிழைச் சற்றுத் திருப்புங்கள், மீண்டும் Ctrl+M. அவ்வளவுதான். திருப்பியும் எதுவும் நடக்கவில்லையென்றால், அமைப்புகளில் மிடி பக்கத்துக்குப் போய் உங்கள் கருவிக்கு நேரே Remote இயங்குகிறதா என்று பாருங்கள். Track மட்டும் இயங்கினால் கட்டைகளில் ஸ்வரம் கேட்கும், குமிழ்கள் வேலை செய்யாது.

சிக்கல் அதற்குப் பிறகுதான். குமிழின் மூன்றாவது எண் 0 முதல் 127 வரை, அதாவது 128 படிகள். லைவில் ஒலியளவின் உச்சி +6 டெசிபெல். பாடகரின் குரலை மவுஸால் −10இல் வைத்திருக்கிறீர்கள், குமிழோ வலது கோடியில் நிற்கிறது. அதை இம்மியளவு அசைத்தாலும் குரல் ஒரே தாவலில் +6க்கு அருகே போய் அலறும். மென்பொருளில் மவுஸ் என்ன செய்தது என்பது குமிழுக்குத் தெரியாது. இதற்காகவே Takeover Mode என்ற அமைப்பு இருக்கிறது. அதில் Pickup என்று வைத்தால், குமிழ் திரையில் உள்ள அளவைத் தொடும்வரை மென்பொருள் அதைப் பொருட்படுத்தாது. தொட்டபின் கூடவே வரும். முதலில் திருப்பும்போது ஒன்றும் நடக்காததுபோல் தோன்றும். கருவி பழுது என்று பயப்பட வேண்டாம், இன்னும் கொஞ்சம் திருப்புங்கள்.

மேடைக்கு Pickup மட்டும் போதாது என்பேன். மேப்பிங் பட்டியலில் ஒவ்வொரு இணைப்புக்கும் Min, Max என்று இரண்டு எல்லைகள் உண்டு. ஒலியளவின் Max-ஐ 0 டெசிபெல்லுக்கு இறக்கிவிடுங்கள். அவசரத்தில் கை முழுதாகத் திருப்பினாலும் குரல் 0 டெசிபெல்லைத் தாண்டாது.

எஃபெக்ட்டுகளில் இந்த எல்லைகளுக்கு இன்னொரு பயனும் இருக்கிறது. ஒரு ஃபில்டரின் அதிர்வெண் 20 ஹெர்ட்ஸ் முதல் ஏறக்குறைய 20,000 ஹெர்ட்ஸ் வரை, அதாவது சுமார் பத்து ஸ்தாயி. 128 படிகளை அதில் பரப்பினால் ஒரு ஸ்தாயிக்குப் பன்னிரண்டு பதின்மூன்று படிகள்தான் கிடைக்கும். ஒவ்வொரு படியும் ஏறத்தாழ ஒரு அரைச்சுரம். மென்பொருள் நிரவிக் கொடுக்காவிட்டால் மெல்லத் திருப்பும்போது ஒலி வழுக்கிப் போகாமல் படிக்கட்டில் இறங்குவதுபோல் கேட்கும். எல்லையை 200 முதல் 3,200 வரை, அதாவது நான்கு ஸ்தாயியாகச் சுருக்கினால் ஒரு ஸ்தாயிக்கு 32 படிகள் கிடைக்கும். காதுக்கு வித்தியாசம் நன்றாகவே தெரியும்.

பேட்கள் பிளே, ரெக்கார்டு போன்றவற்றுக்குப் பொருத்தமானவை. கிட்டாரைப் பிடித்திருப்பவர் மவுஸைத் தேடாமல் ஒரு தட்டில் பதிவைத் தொடங்கிவிடலாம். ஆனால் பேட் வழக்கமாக அனுப்புவதும் ஒரு ஸ்வர எண்தான். 36ஆம் எண்ணை அனுப்பும் பேடை பிளேயோடு இணைத்துவிட்டால், லைவ் அந்த எண்ணை இனி டிரம்முக்கு அனுப்பாது. கட்டைகளை ஸ்தாயி இறக்கி வாசிக்கும்போது, அதே சேனலில் அதே 36 வந்தால், பாட்டு திடீரென ஓடத் தொடங்கும் அல்லது நிற்கும். தாழ்ந்த ஸ்வரம் ஒன்று மட்டும் ஒலிக்காமல், அதைத் தொடும்போதெல்லாம் பாட்டு தடம் புரண்டால் காரணம் இதுவே. எம்பிகே மினியில் இருக்கும் CC பொத்தானை அழுத்திய பிறகு பேட்கள் ஸ்வர எண்ணுக்குப் பதிலாகக் குமிழ் வகை எண்ணை அனுப்பும். அந்த நிலையில் இணைத்தால் மோதல் வராது.

லைவில் இந்த இணைப்புகள் அந்தந்தப் பாட்டின் கோப்போடுதான் சேமிக்கப்படுகின்றன. புதிய கோப்பைத் திறந்தால் எதுவும் இருக்காது. ஆகவே இணைப்புகளைச் சரிபார்த்து முடித்ததும், அந்தக் கோப்பை ஒரு டெம்ப்ளேட்டாகச் சேமித்துவிட்டு அடுத்த பாட்டை அதிலிருந்தே தொடங்குங்கள்.