மிகைநேர வேலையும் தொழிலாளியின் சம்மதமும்

சிந்தாதிரிப்பேட்டை மே தினப் பூங்காவில், 2023ஆம் வருஷம் மே 1ந் தேதி, பன்னிரண்டு மணி வேலை மசோதா வாபஸ் பெறப்படுவதாக முதலமைச்சர் ஸ்டாலின் அறிவித்தார். சட்டசபை அதை ஏப்ரல் 21ந் தேதிதான் நிறைவேற்றியிருந்தது. கூட்டணிக் கட்சிகளே எதிர்த்து வெளிநடப்புச் செய்தன. தொழிலாளி இசைந்தால் மட்டுமே நாள் நீளும், வாரத்துக்கு 48 மணி மாறாது என்று மந்திரிகள் சமாதானம் கூறினார்கள். வேலையை நம்பிப் பிழைப்பவனிடம் ஆலைக்குள்ளே கேட்கப்படும் சம்மதம் எத்தகையது என்பதே நமது ஐயம்.

மாலை ஐந்து மணிக்கு மேஸ்திரி வந்து, "இன்று இன்னும் நான்கு மணி நேரம் இருந்தாக வேண்டும்" என்கிறார். தொழிலாளி மறுக்கலாமா?

1948ஆம் வருஷத்து ஃபாக்டரி சட்டம் அளவைத்தான் வகுத்தது: நாளொன்றுக்கு 9 மணி, வாரத்துக்கு 48 மணி. மிகைநேரத்துக்கு இரட்டைக் கூலி விதித்ததேயன்றி, தொழிலாளியின் சம்மதத்தை அது கேட்கவில்லை. ஆகவே வரம்புக்குட்பட்ட உத்தரவை மறுத்தவன்மீது கீழ்ப்படியாமைக் குற்றம் சாட்ட இடமிருந்தது. ஆனால் நிலையாணைகளில் குற்றமாவது சட்டத்துக்கும் நியாயத்துக்கும் பொருந்திய உத்தரவை மீறுவதுதான்; வரம்பைக் கடந்த உத்தரவு அந்தத் தகுதியை இழந்துவிடும். 2025 நவம்பர் 21 முதல் அமலுக்கு வந்த தொழிற்பாதுகாப்பு, சுகாதாரம், வேலை நிலைமைகள் பற்றிய தொகுப்புச் சட்டம், தன் 27ஆம் பிரிவில் மிகைநேர வேலைக்குத் தொழிலாளியின் சம்மதம் வேண்டும் என்று வெளிப்படையாகவே சொல்லிவிட்டது.

கடைச் சிப்பந்தியின் நிலை வேறு. அவனுக்கு 1947ஆம் வருஷத்துத் தமிழ்நாடு கடைகள், நிறுவனங்கள் சட்டம். நாளுக்கு 8, வாரத்துக்கு 48 மணிக்கு மேல் அவனை வேலை செய்யும்படி கேட்கவும் கூடாது, விடவும் கூடாது என்பது அதன் விதி. விதிவிலக்கிலோ "விடலாம்" என்ற சொல் மட்டும் இருக்கிறது. "கேட்கலாம்" என்பது இல்லை. சட்டம் எழுதியவர்கள் அச்சொல்லைச் சும்மா விட்டிருக்க மாட்டார்கள் என்பது நம் கருத்து. மிகைநேரமும் சேர்த்து நாளுக்கு 10, வாரத்துக்கு 54 மணியே எல்லை.

ஒரு கணக்குப் பார்ப்போம். திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாளும் பத்துப் பத்து மணி உழைத்த சிப்பந்திக்கு அதுவே 30 மணி. மற்ற மூன்று நாளும் எட்டெட்டு மணி என்றால் 24, ஆக 54. சனிக்கிழமை மாலை எட்டு மணி நேரம் முடிந்தபின், அவனே விரும்பினாலும் முதலாளி அவனை நிறுத்திவைக்க இயலாது. முந்திய ஆறு மணிக்கு இரட்டைக் கூலி சேர வேண்டும். மாதச் சம்பளம் 15,600 ரூபாய், வேலை நாள் 26 எனில், நாளுக்கு 600, மணிக்கு 75, இரட்டித்தால் 150. ஆறு மணிக்கு 900 ரூபாய்.

இந்தத் தொகை பெரும்பாலும் பேட்டா என்ற பெயரில் 200, 300 ரூபாயாகக் கைமாறி, பதிவேட்டில் 48 மணி மட்டுமே ஏறுகிறது. வந்த நேரமும் போன நேரமும் அன்றன்று தன் குறிப்புப் புத்தகத்தில் எழுதிவைத்தவன், அதைப் பதிவேட்டோடு ஒப்பிடும்படி தொழிலாளர் ஆய்வாளரிடம் மனுக் கொடுக்கலாம்.